ஓட்டுநர் கதவு மட்டும் பூட்டுகிறது, மற்ற மூன்றும் அசையவில்லை: சென்ட்ரல் லாக்கிங் பழுதைத் தேடும் முறை

பூட்டுப் பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் கதவு 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. மற்ற மூன்று கதவுகளும் அப்படியே நிற்கின்றன. இதைப் பார்த்ததும் பலர் கதவுக்குள் பூட்டை நகர்த்தும் மோட்டார் பெட்டிகளான ஆக்சுவேட்டர்களில் புதிதாக மூன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். மாட்டிய பிறகும் கதவுகள் அசைவதில்லை. மூன்று மோட்டார்கள் ஒரே நாளில் சேர்ந்து கெட்டுப்போவது மிக அரிது. மூன்றும் சேர்ந்து நின்றால், மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது. அந்தப் பொது இடம் எது என்று தேடுவதுதான் இந்த வேலையில் பாதிக்கும் மேல். மீட்டரோடு ஒரு சின்ன பல்பும் இருந்தால் அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

தேடத் தொடங்கும் முன் இந்த அமைப்பு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். இது பிடிபட்டால் பின்னால் வரும் எல்லாச் சோதனைகளும் தானாகப் புரியும்.

ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறு டிசி மோட்டார் இருக்கிறது. அதற்கு இரண்டே வயர்கள். சும்மா இருக்கும்போது இரண்டு வயர்களும் எர்த்தில் இருக்கும். பூட்டச் சொன்னால் கண்ட்ரோல் யூனிட் ஒரு வயரை மட்டும் அரை வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை 12 வோல்ட்டுக்கு மாற்றும். இன்னொரு வயர் எர்த்திலேயே நிற்கும். மோட்டார் ஒரு பக்கம் சுழன்று கம்பியை இழுக்கும். திறக்கச் சொன்னால் இதுவே தலைகீழாக நடக்கும். அதாவது ஒரே வயர் பூட்டும்போது மின்சாரத்தைக் கொண்டுபோகிறது, திறக்கும்போது திரும்பி வரும் பாதையாகிறது. எனவே ஒரு வயர் அறுந்தால் பூட்டுவதும் நிற்கும், திறப்பதும் நிற்கும்.

பின்னால் வாங்கிப் பொருத்தும் கிட் என்றால் ஓட்டுநர் கதவு ஆக்சுவேட்டரில் ஐந்து வயர்கள் இருக்கும். இரண்டு மோட்டாருக்கு. மீதி மூன்றும் உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு. அந்தக் கதவைச் சாவியாலோ கையாலோ பூட்டினால் 'மற்ற கதவுகளையும் பூட்டு' என்று யூனிட்டுக்குச் சொல்வது அந்தச் சுவிட்ச்தான். மற்ற கதவுகளில் இரண்டு வயர் ஆக்சுவேட்டர்கள் மட்டும் இருக்கும். மோட்டார் வயர்கள் பெரும்பாலும் நீலமும் பச்சையுமாக வரும். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன். உங்கள் காரில் வேறு நிறமாக இருக்கலாம். நிறத்தை நம்பாமல் அளந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 5 வாட் பல்பில் இரண்டு வயர் கோத்த சோதனை விளக்கு, 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட நீள வயர் ஒன்று, கதவின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பி. பல்பை விட்டுவிடாதீர்கள். மின்சாரம் வருவது ஒரு வினாடிக்கும் குறைவு. அதற்குள் டிஜிட்டல் மீட்டர் ஒரு எண்ணில் நிலைக்காது. அதைவிட முக்கியமாக, ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு எரிய உண்மையான மின்னோட்டம் தேவை. அது ஏமாறுவது குறைவு.

பேட்டரியை முதலில் அளந்துவிடுங்கள். இன்ஜின் ஓடாத நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றாமல் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம். மின்னழுத்தம் குறையும்போது கண்ட்ரோல் யூனிட்டுக்கு அருகில் இருக்கும் கதவு மட்டும் எப்படியோ நகரும், தொலைவில் இருப்பவை நகராது. வயர் பழுதைப் போலவே தெரியும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சோதனை முடியும்வரை ஒரு ஜன்னல் கண்ணாடியை இறக்கி வையுங்கள், சாவி பாக்கெட்டில் இருக்கட்டும். கதவுக்குள் மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. மீட்டரோ பல்போ அதில் படவே கூடாது.

அந்த ஒரு கதவு மோட்டாரால்தான் அசைகிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் பாதி நேரம் வீணாகிறது. ஓட்டுநர் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினால், மின்சாரமே இல்லாவிட்டாலும் அந்தக் கதவு பூட்டும். சாவித்துளைக்கும் கதவைப் பிடித்து நிறுத்தும் பூட்டுப் பொறியான லாட்சுக்கும் இடையே நேரடியாகக் கம்பி இருக்கிறது. உள்ளே இருக்கும் குமிழைக் கையால் அழுத்தினாலும் அப்படியே. ஆகவே 'ஒரு கதவு வேலை செய்கிறது' என்று நாம் நினைப்பது, உண்மையில் நான்கு கதவும் செத்துக் கிடக்கும் நிலையாக இருக்கலாம்.

ரிமோட்டால் பூட்டிப் பாருங்கள். ரிமோட் இல்லாத வண்டி என்றால் டாஷ்போர்டிலோ வேறு கதவிலோ இருக்கும் பூட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். அப்போது ஓட்டுநர் கதவின் குமிழ் யார் கையும் படாமல் நகர்ந்தால் அங்கே மோட்டார் ஓடுகிறது. அந்தக் கதவு யூனிட்டிலிருந்து நேராக வரும் மின்சாரத்தில் ஓடும் வண்டிகளில், யூனிட்டும் அதன் ஃபியூஸும் உயிரோடு இருக்கின்றன என்று இதிலிருந்தே தெரியும். குமிழ் நகராவிட்டால் ஃபியூஸ், யூனிட்டுக்கு வரும் 12 வோல்ட், யூனிட்டின் எர்த் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அதன்பின் கதவுகளுக்குப் போங்கள்.

ரிமோட்டில் நான்கும் சரி, சாவியில் ஓட்டுநர் கதவு மட்டும்

இது எளிது. நான்கு மோட்டார்களும் அவற்றுக்குப் போகும் வயர்களும், மின்சாரத்தை அவற்றுக்கு மாற்றிவிடும் சுவிட்சான ரிலேயும் நன்றாக இருக்கின்றன. ரிமோட் அதை நிரூபித்துவிட்டது. ஓட்டுநர் கதவிலிருந்து யூனிட்டுக்குப் போக வேண்டிய செய்திதான் போகவில்லை. ஐந்து வயர் ஆக்சுவேட்டரின் சுவிட்ச் வயர்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்று பொதுவான எர்த், பெரும்பாலும் கறுப்பு. மற்ற இரண்டில் ஒன்று பூட்டும் செய்தி, இன்னொன்று திறக்கும் செய்தி.

கனெக்டரைக் கழற்றி, மீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, கறுப்புக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் பாருங்கள். குமிழை மேலே தூக்கினால் ஒன்றில் ஒலிக்க வேண்டும், கீழே அழுத்தினால் மற்றதில். ஒலிக்காவிட்டால் உள்ளே இருக்கும் சுவிட்ச் போய்விட்டது, ஆக்சுவேட்டரை மாற்ற வேண்டும். இரண்டிலும் ஒலித்தால் கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கும். வண்டியோடு வந்த அமைப்பில், என்ன வயர் என்று தெரியாமல் எதையும் எர்த்தில் தொட்டுப் பார்க்காதீர்கள். அங்கே ரிலேயை இயக்குவது பிசிஎம் என்ற கணினிப் பெட்டி. ஒரு தவறான தொடுதல் அதைக் கெடுத்துவிடக்கூடும்.

ரிமோட்டில் ஓட்டுநர் கதவு மட்டும், மற்ற மூன்றிலும் சத்தமே இல்லை

அதிகம் குழப்புவது இதுதான், அதனால் இதற்குத்தான் நிறைய இடம் கொடுக்கிறேன். முதலில் ஒவ்வொரு கதவு பேடிலும் காதை வைத்துக்கொண்டு இன்னொருவரை ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். 'உர்ர்' என்றோ மெல்லிய 'டிக்' என்றோ எதுவும் கேட்கவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை.

ஒரு வண்டியில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். பின்னால் பொருத்திய நான்கு கதவுக் கிட். ஓட்டுநர் கதவு பூட்டவும் திறக்கவும் செய்தது. மற்ற மூன்றும் அமைதி. முன்பக்கப் பயணி கதவு பேடைக் கழற்றி, ஆக்சுவேட்டர் கனெக்டரைப் பிரித்து, மீட்டரின் கறுப்பு முனையைக் கதவின் வெறும் உலோகத்தில் வைத்தேன். சிவப்பு முனை நீல வயரில். ரிமோட்டில் பூட்டு அழுத்தியதும் மீட்டர் 12-ஐ நோக்கி எகிறியது. சரி, நீலத்தில் மின்சாரம் வருகிறது. அடுத்து பச்சை வயர். மறுபடியும் பூட்டு அழுத்தினால் பச்சையிலும் அதே எகிறல்! திறக்க அழுத்தினால் இரண்டு வயரிலும் ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் 'கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு' என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் பச்சை வயரில் பூட்டும்போது 12 வோல்ட் வரவே கூடாது. பூட்டும்போது அது எர்த்தில் இருக்க வேண்டிய வயர். பின் எங்கிருந்து வந்தது? பின்கதவுகள் இரண்டின் ஆக்சுவேட்டர்களும் இன்னும் இணைப்பில் இருந்தன. நீலத்தில் வந்த மின்சாரம் அந்த மோட்டார்களின் சுருள் வழியாகப் பச்சைக்குள் நுழைந்துவிட்டது. பச்சைக்கு எர்த்தோடு தொடர்பு இருந்திருந்தால் அது அங்கே இறங்கிப்போயிருக்கும், மோட்டார்களும் ஓடியிருக்கும். தொடர்பு அறுந்திருந்ததால் பச்சையும் நீலத்தின் மின்னழுத்தத்துக்கே உயர்ந்து நின்றது. இரண்டு முனையிலும் ஒரே 12 வோல்ட் இருந்தால் நடுவில் இருக்கும் மோட்டார் ஓட வழியே இல்லை.

திறக்கும்போது நடந்ததும் இதோடு பொருந்துகிறது. அப்போது பச்சை வழியாகத்தான் 12 வோல்ட் வந்திருக்க வேண்டும். வயர் அறுந்திருப்பதால் வரவில்லை. நீலமோ எர்த்தில் இருக்கிறது. அதனால் இரண்டிலும் பூஜ்யம்.

ஆகவே பூட்டும்போது இரண்டிலும் 12, திறக்கும்போது இரண்டிலும் பூஜ்யம் என்றால் பச்சை அறுந்திருக்கிறது. இதற்கு நேர் எதிராக இருந்தால் நீலம். உறுதி செய்ய மூன்று கதவுகளின் கனெக்டர்களையும் பிரித்துவிட்டு மறுபடி அளந்தேன். பூட்டும்போது பச்சையில் வந்த 12 வோல்ட் மறைந்துவிட்டது. மோட்டார்கள் வழியாக வந்த போலி மின்சாரம் அது என்பதில் ஐயமே இல்லை.

இதனால்தான் பல்பைக் கதவின் உலோகத்துக்கும் ஒரு வயருக்கும் நடுவில் பிடிப்பதும் போதாது. மோட்டார் சுருளின் தடை சில ஓம்கள்தான், 5 வாட் பல்பின் தடை எரியும்போது ஏறத்தாழ 29 ஓம். அந்தப் போலி மின்சாரத்திலும் பல்பு நன்றாகவே எரிந்துவிடும். பல்பின் இரண்டு முனைகளையும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். பூட்டும்போது ஒரு மின்னல், திறக்கும்போது ஒரு மின்னல் தெரிந்தால் அந்தக் கதவு வரைக்கும் வயர்கள் இரண்டும் சரி. தெரியாவிட்டால் பழுது வயரில் அல்லது அதற்கு முன்னால்.

அடுத்த கேள்வி, எந்த இடத்தில் அறுந்தது என்பது. ஓட்டுநர் கதவு ஓடுகிறது, மற்ற மூன்றும் ஓடவில்லை. அப்படியானால் பச்சை வயர் யூனிட்டை விட்டுக் கிளம்பி, ஓட்டுநர் கதவுக்குக் கிளை பிரிந்த பிறகு, மற்ற மூன்றுக்கும் கிளை பிரிவதற்கு முன்னால் எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கிறது. யூனிட்டின் வாயிலிலேயே நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் பல்பைப் பிடித்தேன். இரண்டு திசையிலும் எரிந்தது. யூனிட் குற்றமற்றது.

ஓட்டுநரின் கால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், வயர் கட்டுக்குள் டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருந்தது. மூன்று கதவுகளுக்கும் போகும் பச்சை வயர்களை ஒன்றாக முறுக்கி டேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. கதவுத் தூணிலிருந்து ரப்பர் குழாய் வழியாக இறங்கிய மழைநீர் வந்து தங்கும் இடத்திலேயே அந்த முடிச்சு இருந்தது.

இப்படிப்பட்ட இணைப்பைச் சுரண்டித் திரும்ப முறுக்குவதில் பயனில்லை. உறையை உரித்து, பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். உறைக்குள்ளேயே கறுத்திருந்தால் அந்த நீளம் முழுவதும் போக வேண்டியதுதான். குறையும் நீளத்துக்கு அதே தடிமன் வயரைச் சேர்த்து, கிரிம்ப் செய்தோ சால்டர் வைத்தோ இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டேன். இணைப்பைப் பழைய இடத்தில் வைக்காமல் நீர் எட்டாத உயரத்தில் கட்டினேன். நீர் இறங்கிய ரப்பர் குழாயையும் அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்தினேன். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இதே வேலை மறுபடி வந்திருக்கும்.

இணைத்ததும் முன்கதவும் ஒரு பின்கதவும் ஓடத் தொடங்கின. ஓட்டுநர் பக்கப் பின்கதவில் மட்டும் 'உர்ர்' என்ற சத்தம் வந்தது, குமிழ் நகரவில்லை. அது வேறு பழுது. அடுத்த பகுதியில் வருகிறது.

இந்த வண்டியில் முடிச்சு போயிருந்தது. வேறு வண்டியில் ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கலாம். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இடத்தில் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. சில கார்களில் கண்ட்ரோல் யூனிட் ஓட்டுநர் கதவுக்குள்ளேயே இருக்கும். அப்படி என்றால் மற்ற மூன்று கதவுகளுக்கான வயர்கள் ஓட்டுநர் கதவின் ரப்பர் குழாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அங்கே ஒன்று அறுந்தால் அந்தக் கதவு ஓடும், மூன்றும் நிற்கும். கதவை முழுவதும் திறந்து, பாதி திறந்து, மூடி என்று மாற்றி மாற்றி ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். கதவின் நிலைக்கேற்ப மற்ற கதவுகள் சிலசமயம் ஓடினால் இடம் தெரிந்துவிட்டது. ரப்பரை ஒருபுறம் இழுத்து, ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு அறுந்த வயர் ரப்பர்போல நீளும்.

அங்கே ஒட்டுப் போடும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. ரப்பர் குழாய்க்குள் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும், அதன் ஓரத்திலேயே மறுபடி அறுந்துவிடும். மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக மடியும் வயரை எடுத்து, ஒரு இணைப்பு கதவுக்குள்ளும் மற்றது காரின் உடலுக்குள்ளும் வரும்படி போதிய நீளத்தில் சேருங்கள். பல வயர்கள் இருந்தால் இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போடுங்கள். வயர் கட்டு ஓரிடத்தில் தடிக்காது, இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாது.

சத்தம் வருகிறது, கதவு அசையவில்லை

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் பல்பு இரண்டு திசையிலும் எரிகிறது, ஆனால் குமிழ் நகரவில்லை. இப்போதுதான் ஆக்சுவேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

கனெக்டரைப் பிரித்துவிட்டு, ஃபியூஸ் போட்ட வயரால் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். ஒரு வினாடிக்கும் குறைவாக ஒரு தட்டு. பிறகு முனைகளை மாற்றி இன்னொரு தட்டு. பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. தண்டு முடிவுக்கு வந்து நின்றபின் மோட்டார் பல ஆம்பியர் இழுத்துச் சூடாகும். பல ஆக்சுவேட்டர்களில் இந்தச் சூட்டைக் கண்டு மின்சாரத்தைக் குறைக்கும் பாதுகாப்பு உண்டு. வேகமாகப் பத்துத் தடவை தட்டினால் நல்ல ஆக்சுவேட்டரே செத்ததுபோல நின்றுவிடும். அப்படி நின்றால் சில நிமிடங்கள் ஆறவிட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனையை ஆக்சுவேட்டர் லாட்சோடு இணைந்திருக்கும்போது ஒரு தடவையும், கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு தடவையும் செய்யுங்கள். இந்த இரண்டையும் ஒப்பிடுவதில்தான் விடை இருக்கிறது.

கம்பியைக் கழற்றிய பிறகும் தண்டு நகராமல் மோட்டார் மட்டும் சுழலும் சத்தம் வந்தால், உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம் பல் தேய்ந்துவிட்டது. மேலே சொன்ன வண்டியின் பின்கதவில் இதுதான் நடந்திருந்தது. எந்தச் சத்தமும் இல்லை என்றால், இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஓம் அளந்து பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். தண்டைக் கையால் சற்று நகர்த்திவிட்டு மறுபடி அளந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். பிரஷ் ஒரு பழுதான இடத்தில் நின்றிருக்கவும் கூடும்.

கம்பி இல்லாமல் தண்டு 'டக்' என்று முழுத் தூரம் போகிறது, கம்பியை மாட்டினால் பாதியில் நிற்கிறது. அப்படி என்றால் ஆக்சுவேட்டரை மாற்ற வேண்டாம். லாட்ச் காய்ந்து இறுகியிருக்கிறது. கம்பியைக் கழற்றிய நிலையில் லாட்சின் நெம்புகோலைச் சுண்டுவிரலால் நகர்த்திப் பாருங்கள். விரலுக்கே கடினமாக இருந்தால் அந்தச் சின்ன மோட்டாரால் முடியாது. பழைய கிரீஸையும் தூசியையும் கழுவிவிட்டு மெல்லிய வெள்ளை கிரீஸ் தடவினால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அந்தப் பின்கதவின் பல்சக்கரம் தேய்ந்ததற்கும் இதுவே காரணம். லாட்ச் இறுகியிருந்ததால் நைலான் பற்கள் ஒவ்வொரு முறையும் சுமை தாங்கித் தேய்ந்துவிட்டன. லாட்சைச் சுத்தம் செய்யாமல் புது ஆக்சுவேட்டரை மட்டும் மாட்டியிருந்தால் அதற்கும் அதே கதிதான்.

பின்னால் பொருத்திய ஆக்சுவேட்டரில் கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்து கம்பி வழுக்குவதும் உண்டு. புதிதாக மாட்டும்போது குமிழை நடுவில் நிறுத்தி, ஆக்சுவேட்டர் தண்டையும் அதன் பாதித் தூரத்தில் வைத்து, அந்த நிலையில் திருகை இறுக்குங்கள். இரண்டின் பயணமும் ஒத்துப்போகும். வண்டியோடு வந்த அமைப்பில் மோட்டார் லாட்சுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், பெரும்பாலும் லாட்சை முழுதாகத்தான் மாற்ற முடியும்.

ஒரு திசையில் மட்டும் ஓட்டுநர் கதவோடு நின்றுவிடுகிறது

பூட்டும்போது நான்கும் பூட்டுகின்றன, திறக்கும்போது ஓட்டுநர் கதவு மட்டும் திறக்கிறது. பழுது என்று நினைக்கும் முன் திறக்கும் பொத்தானை இரண்டாவது தடவை அழுத்துங்கள். பல கார்களில் முதல் அழுத்தலுக்கு ஓட்டுநர் கதவும் இரண்டாவதற்கு மற்றவையும் திறப்பது பாதுகாப்புக்கான அமைப்பு. அதை மாற்றும் முறை வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது அழுத்தலிலும் திறக்காவிட்டால் ரிலேக்கு வாருங்கள். ஐந்து கால் ரிலேயில் 85, 86 என்ற இரண்டும் சுருள். 30 பொதுக் கால். சும்மா இருக்கும்போது 30, 87ஏ-யோடு தொட்டிருக்கும். சுருளுக்கு மின்சாரம் வந்ததும் 87-க்குத் தாவும். பூட்டு அமைப்பில் 30 மோட்டார் வயருக்கும், 87 ஃபியூஸ் வழியாக வரும் 12 வோல்ட்டுக்கும், 87ஏ எர்த்துக்கும் போகின்றன. மோட்டார் வயர்கள் சும்மா இருக்கும்போது எர்த்தில் நிற்பது இந்த 87ஏ வழியாகத்தான்.

திறக்கும் ரிலேக்கள் இரண்டு இருக்கும் வண்டிகளை முதலில் பார்ப்போம். ஒன்று ஓட்டுநர் கதவுக்கு, மற்றது பயணிகள் கதவுகளுக்கு. பூட்டும் ரிலே எல்லாவற்றுக்கும் பொது. இங்கே பயணிகள் ரிலேயின் 87 முனை கருகினால் பூட்டும்போது நான்கும், திறக்கும்போது ஓட்டுநர் கதவு மட்டும் ஓடும். இது எல்லோருக்கும் எளிதில் தோன்றிவிடும்.

தோன்றாமல் போவது இதன் மறுபக்கம். திறக்கும்போது நான்கும் திறக்கின்றன, பூட்டும்போது ஓட்டுநர் கதவு மட்டும் பூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும் ரிலேயைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் ஓட்டுநர் கதவு பூட்டுகிறதே, அந்த ரிலே வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது. பூட்டும்போது மூன்று கதவுகளின் மின்சாரம் திரும்பி எர்த்துக்குப் போவது பயணிகள் திறக்கும் ரிலேயின் 87ஏ வழியாக. அந்த முனை கருகியிருந்தால் மூன்றும் பூட்டாது. அதாவது பூட்டுவதில் கோளாறு, பழுதோ திறக்கும் ரிலேயில்.

ரிலேயைக் கழற்றிச் சோதிப்பது சுலபம். 85-க்கும் 86-க்கும் நடுவில் பெரும்பாலும் 70 முதல் 100 ஓம் வரை காட்டும். 30-க்கும் 87ஏ-க்கும் நடுவில் ஏறத்தாழ பூஜ்யம் இருக்க வேண்டும். சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்று ஒலித்து, 30-க்கும் 87-க்கும் நடுவில் பூஜ்யமாக வேண்டும். சுருளில் டயோடு வைத்த ரிலேயும் உண்டு. மேலே படத்தில் அந்தக் குறி இருந்தால், காட்டியிருக்கும் துருவப்படியே மின்சாரம் கொடுங்கள். 'டிக்' சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சுருள் நன்றாக இருந்து முனை மட்டும் கருகியிருந்தாலும் அதே சத்தம் வரும். மீட்டரில் பூஜ்யம் வந்த முனையையும் பல்பு வைத்துப் பார்ப்பது நல்லது. 12 வோல்ட்டை 30-ல் கொடுத்து, 87ஏ-யிலிருந்து பல்பு வழியாக எர்த்துக்கு விடுங்கள். மங்கலாக எரிந்தால் அந்த முனை சுமை தாங்கவில்லை. பூட்டு மோட்டார்களுக்கு அது போதாது.

கிட்டின் யூனிட்டுக்குள் ரிலேக்கள் பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும், தனியாகக் கழற்ற முடியாது. அங்கே யூனிட்டின் வாயிலில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் பல்பைப் பிடித்தால் போதும். கதவு வயர்களைப் பிரித்துவிட்ட பிறகும் ஒரு திசையில் எரியாமல் போனால், யூனிட்டின் எர்த் வயரை நல்ல எர்த்தோடு தற்காலிகமாகச் சேர்த்து இன்னொரு தடவை பாருங்கள். அதன் பிறகும் எரியாவிட்டால் யூனிட்டை மாற்ற வேண்டும்.

பேடை மூடும் முன்

எல்லாம் ஓடத் தொடங்கியதும் உடனே பேடை மாட்டிவிட வேண்டாம். சோதித்த கதவை மெல்லத் திறந்து மூடிக்கொண்டே, இடையிடையே சிறிது நேரம் விட்டு ரிமோட்டை அழுத்துங்கள். கடைசியாக இன்ஜினை ஓடவிட்டு ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை. இன்ஜின் ஓடும்போது மட்டும் நான்கும் நகர்கின்றன, நின்றால் ஒன்று தயங்குகிறது என்றால், அந்தக் கதவின் லாட்ச் இன்னும் இறுக்கமாக இருக்கிறது அல்லது எங்கோ ஓர் இணைப்பு மின்னழுத்தத்தைத் தின்கிறது. மோட்டார் ஓடும் அந்த ஒரு வினாடியில், யூனிட்டின் வாயிலிலும் கதவிலும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் உள்ள வோல்ட்டை, உச்ச மதிப்பைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வழியில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

பிறகு கதவுக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை முழுச் சுற்றிலும் மறுபடி ஒட்டுங்கள். அது கிழிந்திருந்தால் புதிது வெட்டிப் போடுங்கள். கண்ணாடி ஓரமாக வழியும் மழைநீரைக் கதவின் அடித்துளைகளுக்குத் திருப்பிவிடுவது அந்தத் தாள்தான். தாள் இல்லாவிட்டால் நீர் பேடின் பக்கம் வந்து கனெக்டரில் இறங்கும். அடித்துளைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, ஜன்னலை ஏற்றி இறக்கி எந்த வயரும் கண்ணாடியில் உரசவில்லை என்று பார்த்த பிறகு பேடின் கிளிப்புகளை அழுத்துங்கள்.